எட்டு வாங்கினால் ஒன்று இலவசம்: பேக்கரி கார்டு கட்டுப்படியாகிறதா?

கோவைப் பக்கம் எந்தத் தெருமுனையிலும் ஒரு பேக்கரி இருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் முட்டை பப்ஸ், தேங்காய் பன், ஹனி கேக். ஓரத்தில் டீ மாஸ்டர். கல்லாவுக்குப் பக்கத்தில், ஒவ்வொரு பில்லுக்கும் வந்த தொகையைச் சத்தமாகச் சொல்லும் யுபிஐ பெட்டி. இப்போது சில கடைகளில் இதோடு ஒரு சின்ன அட்டையும் சேர்ந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு முறை வாங்கும்போதும் ஒரு கட்டத்தில் சீல் குத்துவார்கள். கட்டங்கள் நிறைந்தால் ஏதாவது ஒன்று இலவசம். இதைத்தான் லாயல்டி கார்டு என்கிறார்கள்.

அட்டை அடிப்பது சுலபம், ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். அதனால் கடைக்கு லாபமா, அல்லது எப்படியும் வந்துகொண்டிருந்தவர்களுக்குத் தள்ளுபடி கொடுத்துக்கொண்டிருக்கிறோமா என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். பெரும்பாலான கடைக்காரர்கள் அந்த இரண்டாவது வேலைக்குப் போவதே இல்லை. "கார்டு நல்லாப் போகுது, நிறைய பேர் வாங்குறாங்க" என்பதோடு கணக்கு முடிந்துவிடுகிறது. இலவசமாகப் பப்ஸ் கொடுத்தால் நிறைய பேர் வாங்கத்தான் செய்வார்கள்.

ஒரு கற்பனைக் கடையை எடுத்துக்கொண்டு முழுக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். எண்களை உங்கள் கடைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம், கணக்குப் போடும் முறை மாறாது.

ஒரு பில்லில் கடைக்கு நிற்பது எவ்வளவு

முதலில் தெரிய வேண்டியது, ஒரு ஆள் கூடுதலாக ஒருமுறை கடைக்கு வந்தால் கையில் எவ்வளவு மிஞ்சும் என்பது. நம் கடையில் சராசரி பில் 60 ரூபாய் என்று வைப்போம். ஒரு டீ, ஒரு முட்டை பப்ஸ், வீட்டுக்கு ஏதோ ஒரு பன்னோ ரஸ்க்கோ. இந்த 60 ரூபாய்க்கான மைதா, டால்டா, முட்டை, பால், சர்க்கரை, கவர் எல்லாம் சேர்த்து 36 ரூபாய். மீதி 24.

வாடகையையும் பேக்கரி மாஸ்டர் சம்பளத்தையும் இங்கே கழிக்கக் கூடாது. அவர் கூடுதலாக ஒருமுறை வந்தாலும் வராவிட்டாலும் அந்தச் செலவு அப்படியேதான் இருக்கும். கூட ஒரு பில் போட்டால் எந்தச் செலவு கூடுகிறதோ அதை மட்டும் கழித்தால் போதும். மாத லாபத்துக்குப் போடும் கணக்கு வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் கார்டு எப்போதுமே நஷ்டமாகத்தான் தெரியும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. வாங்கி விற்கும் பிஸ்கட் பாக்கெட்டிலும் குளிர்பானத்திலும் மிச்சம் ரொம்பக் குறைவு. உங்கள் கடையில் பாதி விற்பனை அந்த வகை என்றால் 60 ரூபாய்க்கு 24 நிற்காது. அப்படிப்பட்ட பொருள்களுக்குச் சீல் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இலவசப் பப்ஸின் உண்மையான விலை

கார்டின் விதி இதுதான்: 50 ரூபாய்க்குக் குறையாத பில்லுக்கு ஒரு சீல், எட்டு சீல் சேர்ந்தால் ஒரு முட்டை பப்ஸ் இலவசம். பப்ஸ் விற்பது 22 ரூபாய். செய்ய ஆகும் பொருள்செலவு 10 ரூபாய். அப்படியானால் பரிசின் செலவு 10தானே?

வாங்குபவரைப் பொறுத்தது. தினமும் மாலை முட்டை பப்ஸ் சாப்பிடும் ஒருவர் கார்டை நீட்டி இலவசப் பப்ஸ் வாங்குகிறார் என்றால், இன்று அவர் காசு கொடுத்து வாங்கியிருக்க வேண்டிய பப்ஸ் அது. அதைச் செய்யும் செலவு எப்படியும் ஆகியிருக்கும், வரவேண்டிய 22 ரூபாய்தான் வரவில்லை. அவர் விஷயத்தில் பரிசின் விலை 22 ரூபாய். பப்ஸ் வாங்கும் எண்ணமே இல்லாமல் பிரட் வாங்க வந்தவர் அதே பப்ஸை வாங்கிக்கொண்டால், பிரட்டுக்கான காசு வந்துவிடும், பப்ஸைச் செய்த 10 ரூபாய் மட்டும்தான் போகும்.

ஒரே பப்ஸ், ஒருவருக்குக் கொடுத்தால் 22, இன்னொருவருக்குக் கொடுத்தால் 10. அதனால்தான் கடையில் அதிகம் ஓடும் பொருளையே பரிசாக வைப்பது பல நேரம் தப்புக் கணக்கு. வாடிக்கையாளர் விரும்ப வேண்டும், ஆனால் வழக்கமாகக் காசு கொடுத்து வாங்காத பொருளாக இருக்க வேண்டும். பப்ஸ்காரர்களுக்கு ஹனி கேக் அப்படிப்பட்டது. விலை 25, பொருள்செலவு 10. கண்ணாடிக்குள் பார்ப்பார்கள், ஆசைப்படுவார்கள், வாங்க மாட்டார்கள். ஒருமுறை இலவசமாகச் சாப்பிட்டுப் பழகினால் அப்புறம் காசு கொடுத்து வாங்கவும் கூடும். அது கூடுதல் லாபம், ஆனால் கணக்கில் இப்போதே சேர்க்க வேண்டாம்.

இரவு எட்டு மணிக்கு மீந்துபோன பப்ஸைப் பரிசாகத் தள்ளிவிடலாம் என்று ஒரு யோசனை எல்லோருக்கும் வரும். செலவு கிட்டத்தட்ட பூஜ்யம்தான். ஆனால் எட்டு முறை காசு கொடுத்தவருக்கு நமுத்துப்போன பப்ஸைக் கொடுத்தால் ஒன்பதாவது முறை எதிர்க்கடைக்குப் போவார்.

சரி, மோசமான நிலைமையையே எடுத்துக்கொள்வோம். பரிசு பப்ஸ், விலை 22. அட்டை ஒன்றுக்கு 1.50. ஆக ஒரு கார்டு நிறைந்தால் கடைக்கு 23.50 போகிறது. ஒரு வருகையில் நிற்பது 24. எனவே ஒரு கார்டில் உள்ள எட்டு வருகைகளில் ஒன்றாவது, கார்டு இல்லாவிட்டால் நடந்தே இருக்காத வருகையாக இருக்க வேண்டும். அப்போதுதான் கைக்கும் வாய்க்கும் சரியாக இருக்கும். ஏழு முறை வந்திருக்க வேண்டியவர் எட்டு முறை வர வேண்டும்.

பரிசு ஹனி கேக் என்றால் போவது 11.50 மட்டும். இரண்டு கார்டுக்கு ஒரு கூடுதல் வருகை இருந்தாலே போதும்.

இந்த ஒரு கேள்வியில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது: எட்டில் எத்தனை புதிது? எத்தனை கார்டு கொடுத்தோம், எத்தனை நிறைந்து திரும்பின என்பது இதற்குப் பதில் சொல்லாது.

அட்டையில் என்ன இருக்க வேண்டும்

குறைந்தபட்ச பில் தொகை கட்டாயம். இல்லாவிட்டால் மூன்று நண்பர்கள் ஒன்றாக வந்து மூன்று பில் கேட்பார்கள். டீ மட்டும் குடிக்கத் தினமும் இரண்டு தடவை வருகிறவர் நான்கே நாளில் கார்டை நிரப்பிவிடுவார். அவர் எப்படியும் வருகிறவர், அவருடைய வருகையில் நிற்பதும் சில ரூபாய்தான். தொகையைப் பலரும் போடும் பில்லுக்குச் சற்று மேலே வையுங்கள். டீயும் பப்ஸும் 37 ரூபாய் ஆகிறது என்றால் 50 சரியாக இருக்கும், "இன்னும் ஒரு பன் போடுங்க" என்று கேட்க வைக்கும். 100 என்று வைத்தால் கார்டை வாங்கியவரே மறந்துவிடுவார்.

கட்டங்கள் எத்தனை? வழக்கமாக வருகிறவர் மாதம் ஆறு முறை வருகிறார் என்றால் எட்டுக் கட்டம் ஐந்தாறு வாரத்தில் நிறையும். அதற்கு மேல் இழுத்தால் ஆர்வம் போய்விடும். இதில் ஒரு சுவாரசியமான விஷயம் உண்டு. ஜோசப் நூனஸ், சேவியர் ட்ரெஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் கார் கழுவும் நிலையம் ஒன்றில் 300 பேருக்கு இரண்டு விதமாக அட்டை கொடுத்துப் பார்த்தார்கள். பாதிப்பேருக்கு எட்டுக் கட்டம் உள்ள அட்டை. மீதிப்பேருக்குப் பத்துக் கட்டம், அதில் இரண்டு ஏற்கெனவே முத்திரையிடப்பட்டது. இரண்டிலும் எட்டு முறைதான் காரைக் கழுவ வேண்டும். எட்டுக் கட்ட அட்டையை நிரப்பியவர்கள் 19 சதவீதம். இரண்டு இலவச முத்திரையோடு தொடங்கியவர்களில் 34 சதவீதம். ஏற்கெனவே கொஞ்ச தூரம் வந்துவிட்டோம் என்ற நினைப்பு ஆளை இழுக்கிறது. ஆகவே பத்துக் கட்டம் அடித்து, கார்டு கொடுக்கும்போதே இரண்டு சீல் குத்திக் கொடுங்கள். செலவு ஒன்றும் கூடாது. ஆனால் நிரப்புகிறவர்கள் கூடினால் பரிசுச் செலவும் கூடும். நிறைவது அதிகமானால் லாபம் அதிகம் என்று அதற்குள் முடிவு கட்டிவிடக் கூடாது.

அச்சகத்தில் கொடுக்கும்போது பளபளப்பான லேமினேஷன் வேண்டாம் என்று சொல்லுங்கள். சீல் மை அதில் காயாது, விரல் பட்டால் கலைந்துவிடும். பப்ஸ் சாப்பிட்ட எண்ணெய்க் கையோடு வேறு தொடுவார்கள். விசிட்டிங் கார்டு அளவில், லேமினேஷன் இல்லாத சற்றுத் தடித்த அட்டை போதும்.

சீலுக்குப் பக்கத்தில் தேதியும் கல்லாவில் இருப்பவரின் சுருக்கொப்பமும் கட்டாயம் இருக்க வேண்டும். சாதாரண ரப்பர் சீலை எந்த ஸ்டாம்ப் கடையிலும் யாரும் செய்துகொள்ளலாம். அதைவிட அதிகம் நடப்பது, கடைப் பையனே தன் கூட்டாளிக்கு நான்கு சீல் சேர்த்துக் குத்துவது. ஒரே தேதி நான்கு கட்டத்தில் இருந்தால் கண்ணில் பட்டுவிடும். தேதிக்கு இன்னொரு பயனும் உண்டு: கார்டு திரும்பி வரும்போது அந்த ஆள் எந்தெந்த நாள் வந்தார் என்பது முழுதும் உங்கள் கையில் இருக்கும். கடைசியாக, மூன்று மாதத்துக்குள் நிரப்ப வேண்டும் என்ற காலக்கெடு.

கார்டை வாடிக்கையாளரிடம் கொடுக்காமல் கடையிலேயே ஒரு டப்பாவில் பெயர் வரிசையில் வைத்துக்கொள்வதும் உண்டு. தொலையாது, போலி வராது. மாலை ஐந்தரை மணிக் கூட்டத்தில் டப்பாவைத் துழாவிக்கொண்டிருந்தால் வரிசை வாசல் வரை போகும் என்பது மட்டும்தான் சிக்கல். அறுபது எழுபது பேர் வரை சமாளிக்கலாம்.

கண்ணை ஏமாற்றும் இரண்டு எண்கள்

முதலாவது: "கார்டு வைத்திருப்பவர்கள் மாதம் எட்டு முறை வருகிறார்கள், இல்லாதவர்கள் மூன்று முறைதான்." கார்டின் சக்தி போலத் தெரியும். ஆனால் கார்டு கேட்டு வாங்குகிறவர் யார்? அடிக்கடி வருகிறவர். எப்போதாவது பிறந்தநாள் கேக் வாங்க வருகிறவருக்கு அது தேவையே இல்லை. கார்டு வருவதற்கு முன்பும் அவர்களுக்குள் அதே வித்தியாசம் இருந்திருக்கும்.

இரண்டாவது இன்னும் நுணுக்கமானது. திரும்பி வந்த கார்டுகளில் தேதிகளைப் பார்த்தால், முதல் சில சீல்களுக்கு இடையே ஐந்து நாள் இடைவெளி, கடைசி சீல்களுக்கு இடையே மூன்று நாள் என்று குறைந்துகொண்டே போகும். "பார்த்தீர்களா, கார்டு வேகப்படுத்துகிறது!" வேகப்படுத்துவது உண்மைதான். கொலம்பியா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு காபிக்கடை கார்டை வைத்து ரன் கிவெட்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2006-ல் இதையே காட்டினார்கள். பரிசு நெருங்க நெருங்க மக்கள் சீக்கிரம் சீக்கிரமாக வந்தார்கள். ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: பரிசை வாங்கி அடுத்த கார்டைத் தொடங்கியதும் வேகம் பழையபடி குறைந்தது. அடுத்த வாரம் சாப்பிட்டிருக்க வேண்டியதை இந்த வாரம் சாப்பிட்டுவிட்டு அடுத்த வாரம் வராமல் இருந்தால் கடைக்கு ஒன்றும் கூடவில்லை. அதனால் ஒரு கார்டுக்குள் மட்டும் பார்க்காமல், முதல் கார்டின் தொடக்கத்திலிருந்து இரண்டாவது கார்டின் நடுப்பகுதி வரை எத்தனை நாள், எத்தனை வருகை என்று பாருங்கள்.

அளந்து பார்ப்பது எப்படி

இப்போது யுபிஐ ஒரு பெரிய உதவி. கடையின் செயலியில் ஒவ்வொரு வரவுக்கும் பணம் அனுப்பியவர் பெயர் விழுகிறது. கார்டு தொடங்குவதற்கு முன் நான்கு வார வரவை எடுத்து, மூன்று முறைக்கு மேல் வந்த 60 பேரை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், எத்தனை முறை வந்தார் என்பதோடு. கணவன் ஒருநாள், மனைவி ஒருநாள் கொடுக்கும் வீடாகத் தெரிந்தால் ஒரே வரியில் சேர்த்துவிடுங்கள். ரொக்கம் கொடுப்பவர்கள் இதில் விடுபடுவார்கள், பரவாயில்லை.

அந்த 60 பெயரையும் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரியுங்கள். முதல் 30 பேருக்கு இப்போது கார்டு, மற்ற 30 பேருக்கு இரண்டு மாதம் கழித்து. குலுக்கல் முக்கியம். நீங்களே தேர்ந்தெடுத்தால் சிரித்துப் பேசுகிறவர்களுக்கும் அடிக்கடி வருகிறவர்களுக்கும்தான் போகும், மறுபடி அதே பழைய தப்பு.

"அவங்களுக்குக் கொடுத்தீங்க, எனக்கு இல்லையா அண்ணா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார். தெருக் கடையில் இதைத் தவிர்க்க முடியாது. கேட்டால் கொடுத்துவிடுங்கள், நாலு பேரிடம் கெட்ட பெயர் வாங்கும் அளவுக்கு இந்தச் சோதனை முக்கியம் இல்லை. ஆனால் நோட்டில் அவரை இரண்டாவது குழுவிலேயே வைத்திருங்கள். குழு மாற்றினால் கேட்டு வாங்கும் ஆர்வக்காரர்கள் எல்லாம் முதல் குழுவில் சேர்ந்து கணக்கைக் கெடுத்துவிடுவார்கள். இரண்டாவது குழுவில் இருந்தால் வித்தியாசம் சற்றுக் குறைத்துத் தெரியும், அவ்வளவுதான்.

நான்கு வாரம் கழித்து இப்படி வந்ததாக வைப்போம். கார்டு கொடுத்த குழு முன்பு 186 முறை வந்தது, இப்போது 216. கார்டு இல்லாத குழு முன்பு 183, இப்போது 192. முதல் குழுவில் 30 வருகை கூடிவிட்டது என்று துள்ளத் தோன்றும். ஆனால் கார்டே இல்லாமல் இரண்டாவது குழுவும் கூடியிருக்கிறது, கிட்டத்தட்ட 5 சதவீதம். பள்ளிக்கூடம் திறந்திருக்கலாம், மழை வந்து டீ நேரம் நீண்டிருக்கலாம். அந்த 5 சதவீதம் முதல் குழுவிலும் தானாகவே கூடியிருக்கும், அதாவது 186 என்பது 195 ஆகியிருக்கும். கார்டால் வந்தது 216-க்கும் 195-க்கும் இடையே உள்ள 21 மட்டும்.

21 வருகை, ஒவ்வொன்றிலும் 24 ரூபாய். வரவு 504.

செலவைப் பார்ப்போம். 216 வருகையில் 50 ரூபாயைத் தாண்டிச் சீல் வாங்கியவை 176. எட்டால் வகுத்தால் 22 பரிசு. பாதி நிறைந்த கார்டுகளின் சீலையும் இதில் சேர்த்துவிட்டோம், அதுதான் சரி. இன்று வாங்காவிட்டாலும் நாளை வந்து கேட்பார்கள், அது கடைக்குக் கடன். சிலர் தொலைத்துவிடுவார்கள்தான், ஆனால் அதை நம்பித் திட்டம் போடக் கூடாது. பரிசு முட்டை பப்ஸ், எல்லோரும் வழக்கமாக வாங்குகிறவர்கள் என்றால் 22 பரிசுக்கும் 22 ரூபாய் வீதம் 484. முதலில் 30 அட்டை, நிறைந்த கார்டுகளுக்கு மாற்று 22, ஆக 52 அட்டைக்கு 78 ரூபாய். மொத்தம் 562.

வரவு 504, செலவு 562. கல்லாவில் கூட்டம் கூடியிருக்கிறது, விற்பனை ஏறியிருக்கிறது, 58 ரூபாய் நஷ்டம்.

பரிசை ஹனி கேக்காக மாற்றினால் 220, அட்டைக்கு 78, மொத்தம் 298. இப்போது 206 ரூபாய் மிச்சம். ஹனி கேக்கும் பப்ஸ் அளவுக்கே ஆளை இழுக்குமா என்பதை மறுபடி நான்கு வாரம் பார்த்துத்தான் சொல்ல முடியும். முப்பது பேரில் 21 வருகை என்பது தற்செயலாகவும் ஏறி இறங்கக்கூடிய அளவுதான். ஒருவர் வீட்டில் விருந்தாளி தங்கினாலே நான்கைந்து வருகை கூடிவிடும். இரண்டாவது நான்கு வாரத்திலும் அதே திசையில் வித்தியாசம் இருந்தால் நம்பலாம். இந்தச் சோதனையைப் புரட்டாசியிலோ, சபரிமலைக்கு மாலை போடும் கார்த்திகையிலோ தொடங்க வேண்டாம். முட்டை பப்ஸ் விற்பனை அப்போது தானாகவே படுக்கும். கார்டுக் குழு, காத்திருக்கும் குழு இரண்டையும் அது பாதிக்கும் என்பதால் ஒப்பீடு பெரிதாகக் கெடாது, ஆனால் வருகை குறைந்த மாதத்தில் கார்டின் பலனும் கண்ணுக்குத் தெரியாது. தீபாவளி, கிறிஸ்துமஸ் கேக் வாரங்களும் வேண்டாம்.

முப்பது பேருக்கு 206 ரூபாய் என்றால், 300 பேருக்குக் கொடுத்தால் நான்கு வாரத்துக்கு 2,000 ரூபாய் சொச்சம். பெரிய தொகை ஒன்றும் இல்லை. கல்லாவில் ஒவ்வொருவருக்கும் பத்து விநாடி கூடுதலாக நிற்கும் சிரமத்துக்கு இது தகுமா என்று கடைக்காரர்தான் முடிவு செய்ய வேண்டும். என் அபிப்பிராயத்தில், தெருவில் இரண்டு பேக்கரி இருந்து, மக்கள் இங்கே பாதி அங்கே பாதி என்று போய்வரும் இடத்தில் தகும், ஏனென்றால் அங்கே இழுத்துவர ஆள் இருக்கிறார்கள். அந்த ஏரியாவுக்கே ஒரே பேக்கரி என்றால் வேண்டாம். வருகிறவர்கள் எல்லாம் ஏற்கெனவே உங்களிடம்தான் வருகிறார்கள். எதிர்க்கடையும் கார்டு போட்டுவிட்டால் கூடுதல் வருகை கரைந்துபோய், இரண்டு கடைக்கும் செலவு மட்டும் நிற்கும். அப்போது மறுபடி அளந்து பார்க்க வேண்டும்.

நிறுத்துவது என்று முடிவானால் புதுக் கார்டு கொடுப்பதை உடனே நிறுத்தலாம், ஆனால் வெளியே இருக்கும் கார்டுகளை மதிக்க வேண்டும். கடைசிக் கார்டு கொடுத்த தேதியிலிருந்து மூன்று மாதத்தைக் கல்லாவுக்கு மேலே பெரிய எழுத்தில் ஒட்டிவிடுங்கள். அதுவரை சீல் குத்திக்கொண்டிருங்கள். எவ்வளவு பரிசு இன்னும் பாக்கி என்பது, தொடக்கத்தில் சும்மா குத்திய இரண்டிரண்டு சீலை விட்டுவிட்டு, பில்லுக்குக் கொடுத்த மொத்தச் சீலை எட்டால் வகுத்து, ஏற்கெனவே கொடுத்த பரிசைக் கழித்தால் தெரியும். அந்தத் தொகையை முன்கூட்டியே ஒதுக்கிவைத்தால் கடைசி வாரத்தில் பத்துப் பேர் ஒன்றாகக் கார்டை நீட்டினாலும் கல்லா தடுமாறாது.